மோர்க்களி கிண்டும் நேரம்

கேள்வி: ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிப்ட் போகிறவர், காலியாகக் கிடக்கும் சமையலறையில் இருப்பதை வைத்து அவசரமாக ஏதோ சமைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார். இதுதான் என் சிறுகதை. அவருடைய கஷ்டத்தைப் பக்கம் பக்கமாக எழுதியும், படித்தவர்கள் "மனசுல நிக்கல" என்கிறார்கள். என்ன குறை?

பதில்: கதையைப் படித்தேன். உங்கள் ஆள் பத்து நிமிஷத்தில் சாம்பார் வைத்துவிடுகிறார். பருப்பு வேக வேண்டாமா? சமைத்துப் பழகியவர்கள் அந்த இடத்திலேயே கதையை விட்டு வெளியே வந்துவிடுவார்கள்.

சாம்பாரை எடுத்துவிட்டு மோர்க்களி செய்ய வையுங்கள். டப்பாவின் அடியில் ஒரு டம்ளர் அரிசி மாவு, நேற்றைய புளித்த மோர் முக்கால் டம்ளர், நாலு மோர்மிளகாய், கொஞ்சம் நல்லெண்ணெய். இவ்வளவு போதும். ஒரு டம்ளர் மாவுக்கு இரண்டரை டம்ளர் மோர் வேண்டும். அவரிடம் அவ்வளவு இல்லை. மீதிக்குத் தண்ணீர்தான் ஊற்றுவார், புளிப்பு குறைந்துவிடும். வீட்டில் எதுவும் இல்லை என்று நீங்கள் ஒரு பக்கம் எழுதியதை அந்தத் தண்ணீரே சொல்லிவிடும்.

அப்புறம் அடுப்பு. எண்ணெயில் கடுகு வெடித்ததும் மோர்மிளகாய் கறுக்கிற வரை வறுபடும். நெடியில் அவருக்கு இருமல் வரும். பஞ்சுத் தூசியில் வேலை பார்க்கிறவரின் இருமலை நுழைக்க வேறு இடம் தேட வேண்டாம். மாவை மோரில் முன்பே கட்டியில்லாமல் கரைத்திருக்க வேண்டும். சூடான மோரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும், பிறகு எவ்வளவு கிண்டினாலும் கரையாது. மிளகாயிலேயே உப்பு இருப்பதால் கை அளந்துதான் போடும்.

கரைத்ததை ஊற்றிய பிறகு அடுப்பை விட்டு நகர முடியாது, அடிபிடித்துவிடும். சட்டையை மாட்டிக்கொண்டே ஒரு கையால் கிண்டட்டும். உங்கள் கதையில் அவர் அந்த நேரத்தில் ஜன்னல் வழியே நிலாவைப் பார்க்கிறார். நான் சமைக்கும்போது நிலாவைப் பார்த்ததே இல்லை, பாத்திரத்தைத்தான் பார்த்திருக்கிறேன்!

வெள்ளையாக இருந்த மாவு மெல்ல நிறம் மங்கிப் பளபளக்கும், ஓரத்தில் எண்ணெய் கசியும். வெந்ததா என்று பார்க்க விரலைத் தண்ணீரில் நனைத்துத் தொடுவார்கள். ஒட்டினால் இன்னும் வேக வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் வாயில் பச்சை மாவு வாசனை அடிக்கும். இதற்கே பத்து நிமிஷம் ஆகும். மில் பஸ் வர எட்டு நிமிஷம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பத்தியில் வரும் அம்மா நினைவு வேண்டாம். தெருமுனையில் ஹாரன் கேட்கிறது, அவர் நனைந்த விரலால் களியைத் தொடுகிறார். ஒட்டியதா இல்லையா என்பதை எழுதிவிட்டு நிறுத்துங்கள்.