திர்ஹாமில் கட்டினாலும் அது டாலர்தான்

கேள்வி: கோவையில் பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். துபாயிலிருந்து கிரானுல்ஸ் இறக்குகிறேன். 50,000 டாலர் பில், ஆறு மாதத் தவணை. பில் போட்டபோது டாலர் 85 ரூபாய், கட்டும்போது 88. லாபமே போய்விட்டது. துபாயில் இருக்கும் மச்சான், "திர்ஹாமில் கட்டிவிடு, டாலர் தொல்லை இருக்காது" என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று 1997 முதல் ஐக்கிய அரபு அமீரகம் கட்டிவைத்திருக்கிறது. டாலர் ஏறினால் திர்ஹாமும் அதே அளவு ஏறும். சவுதி ரியாலும் அப்படித்தான், 3.75.

காரணம் எண்ணெய். விற்று வந்த டாலரை அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களில் போட சவுதி 1974-இல் ஒப்புக்கொண்டது. அவ்வளவு பெரிய தொகையைப் போடவும் நினைத்தபோது எடுக்கவும் வேறு நாட்டுச் சந்தையில் இடமில்லை. வருமானம் டாலரில் வருவதால் தங்கள் நாணயத்தையும் அதோடு கட்டினார்கள். உங்கள் கிரானுல்ஸும் எண்ணெய், எரிவாயுவிலிருந்து வருவதுதான். எந்த நாணயத்தில் பணம் போனாலும் விலை டாலரில்தான் முடிவாகிறது.

வாங்கும் நாட்டுக்கு இதில் இரட்டை அடி. 2014 ஜூனில் பீப்பாய் சுமார் 110 டாலர், டாலர் 60 ரூபாய்: 6,600 ரூபாய். 2022 ஜூனில் சுமார் 118 டாலர், டாலர் 78 ரூபாய்: 9,200 ரூபாய். உலக விலை கொஞ்சம்தான் கூடியது, நமக்கு 40 சதவீதம் கூடிவிட்டது. எண்ணெய் ஏறும்போது நம் நிறுவனங்கள் அதிக டாலர் தேடுவதால் ரூபாயும் இறங்குகிறது. 2013 ஆகஸ்டில் டாலர் 68-ஐத் தாண்டியபோது, எண்ணெய் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கியே தனியாக டாலர் கொடுக்க வேண்டியிருந்தது.

உங்களைக் கெடுப்பது அந்த ஆறு மாதத் தவணை. ரூபாய்க் கடனைவிட வட்டி 4 சதவீதம் குறைவு என்றே வைப்போம். 42.5 லட்சத்துக்கு ஆறு மாதத்தில் 85,000 ரூபாய் மிச்சம். டாலருக்கு 3 ரூபாய் ஏறியதில் போனது ஒன்றரை லட்சம். சரக்கை 85 ரூபாய்க் கணக்கில் விற்றுவிட்டு, டாலரை ஆறு மாதம் கழித்து வாங்குகிறீர்கள். இந்தப் பழக்கத்தைத்தான் நிறுத்த வேண்டும்.

ஆர்டர் போடும் அன்றே வங்கியில் ஃபார்வர்டு எடுங்கள், அதாவது ஆறு மாதம் கழித்து வாங்கும் டாலருக்கு இன்றே விலை பேசி ஒப்பந்தம் போடுங்கள். டாலருக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்டால் செலவு 50,000. அந்த 86-ஐ வைத்தே வாடிக்கையாளருக்கு விலை சொல்லுங்கள், அதுவும் பதினைந்து நாளைக்கு மட்டும். டாலர் இறங்கினால் அந்த லாபம் வராது. அதற்காக வருந்தாதீர்கள்.

'செலவே இல்லாத ஆப்ஷன்' என்று டாலர் விலையை வைத்துப் போடும் ஒப்பந்தக் காகிதத்தை வங்கியில் யாராவது நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். 2008 வாக்கில் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்தவர்கள் அப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் பெருந்தொகை இழந்து நீதிமன்றம் வரை போனார்கள். மச்சானிடம் திர்ஹாம் விகிதத்தைக் காட்டிப் பேசுங்கள், புரிந்துகொள்வார்.