மாதவிடாய் முடிந்தும் நிற்காத பழுப்புக் கசிவு

"சிசேரியன் ஆகிப் பத்து மாதம் ஆகிறது டாக்டர். நான்கு மாதமாகப் பீரியட்ஸ் வருகிறது. ஐந்து நாளில் நின்றாலும், அதற்கு அப்புறம் பத்து நாள் வரை பிரவுன் நிறத்தில் கசிந்துகொண்டே இருக்கிறது. ஸ்கேனில் தையல் போட்ட இடத்தில் பள்ளம் இருக்கிறது, ஆழம் 5 மி.மீ., மிச்சமுள்ள தசை 3.8 மி.மீ. என்று எழுதியிருக்கிறார்கள். இது புற்றுநோயாக மாறுமா? ஆபரேஷன் செய்ய வேண்டுமா? இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ள முடியுமா?"

மாறாது. இது கட்டி இல்லை, ஆறிய புண்ணில் விழுந்த ஒரு குழி, அவ்வளவுதான். கர்ப்பப்பையைக் கீழ்ப்பக்கமாக வெட்டிக் குழந்தையை எடுத்துத் தைக்கிறார்கள் அல்லவா, அந்த இடத்தில் தசை முழுத் தடிமனாகச் சேராமல் உள்பக்கம் ஒரு சின்னப் பை போல நின்றுவிடுகிறது. பீரியட்ஸ் சமயத்தில் இறங்கும் ரத்தத்தில் கொஞ்சம் இதில் தேங்கும், அந்த இடத்தில் தசை மெலிந்திருப்பதால் சுருங்கி அதை வெளியே தள்ளவும் முடியாது, அதனால் மற்ற ரத்தமெல்லாம் நின்ற பிறகு இது மட்டும் சொட்டுச் சொட்டாக வரும். பழைய ரத்தம் என்பதால்தான் பழுப்பு நிறம்.

பள்ளம் விழுந்ததற்கு ஆபரேஷன் செய்தவரின் தவறு என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. வலி வந்து கர்ப்பப்பை வாய் நன்றாக விரிந்த பிறகு அவசரமாகச் செய்யும் சிசேரியனில் வெட்டு வாய்ப்பகுதிக்கு அருகே விழும், அங்கே புண் சரியாகச் சேர்வது கடினம். கர்ப்பப்பை பின்பக்கம் சாய்ந்திருந்தாலும், ஒன்றுக்கு மேல் சிசேரியன் நடந்திருந்தாலும் இதற்கு வாய்ப்பு கூடும்.

ஆனாலும் ஸ்கேனில் பள்ளம் தெரிந்தவுடனே கசிவுக்குக் காரணம் அதுதான் என்று முடிவு கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை, ஏனென்றால் பள்ளம் இருந்தும் எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்கள் நிறைய. இரண்டு மூன்று மாதம் ஒரு காலண்டரில் சிவப்பு நாள், பழுப்பு நாள் என்று குறித்து வையுங்கள். பழுப்பு எப்போதும் பீரியட்ஸை ஒட்டியே வந்தால் பள்ளத்தின் மேல் சந்தேகம் வலுக்கும். நடுவில் திடீர் திடீரென்று வந்தாலோ, உறவுக்குப் பின் வந்தாலோ கர்ப்பப்பை வாயையும், உள்ளே பாலிப் என்ற சின்னச் சதை வளர்ச்சி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பாலூட்டும்போது எடுக்கும் புரொஜெஸ்டிரான் மாத்திரை, கருத்தடை ஊசி, காப்பர் டி எல்லாமே இப்படிக் கசிய வைக்கும், எனவே இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்பப் பரிசோதனையும் ஒருமுறை செய்துவிடுங்கள்.

இப்போது உங்கள் ரிப்போர்ட். ஆழம் 5 மி.மீ. என்பதைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது அந்த 3.8 தான், பள்ளத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவே மிச்சமிருக்கும் சுவரின் தடிமன் அது. பெரும்பாலும் 3 மி.மீ.யை எல்லையாக வைத்துத்தான் அடுத்த முடிவை எடுக்கிறோம். அதற்குக் குறைந்தால் பள்ளத்தின் விளிம்பை உள்ளேயிருந்து கருவியால் சீவுவது ஆபத்து, ஏனென்றால் சுவருக்கு முன்னால் சிறுநீர்ப்பை ஒட்டியிருக்கிறது. அப்போது லேப்ராஸ்கோப்பி வழியாகப் பள்ளத்தை வெட்டி எடுத்துத் திரும்பத் தைப்பதுதான் வழி. உங்களுடையது எல்லைக்குக் கொஞ்சம் மேலே இருப்பதால், கசிவு நடக்கும் நாட்களில், பள்ளத்தில் ரத்தம் தேங்கியிருக்கும்போதே, இன்னொரு முறை உள்வழி ஸ்கேன் எடுத்து உறுதி செய்துகொள்வது நல்லது. சந்தேகம் இருந்தால் கொஞ்சம் உப்புநீரை உள்ளே செலுத்தியும் பார்ப்பார்கள்.

ஆபரேஷன் கட்டாயமில்லை. கசிவு தொந்தரவாக இல்லை என்றால் அப்படியே விடலாம். தொந்தரவுதான், இப்போதைக்குக் குழந்தையும் வேண்டாம் என்றால் முதலில் ஹார்மோன் மாத்திரை, ஏனென்றால் கர்ப்பப்பையின் உள்படலம் மெலிந்து ரத்தமே குறைவாக வந்தால் தேங்கவும் ஒன்றுமிருக்காது. ரத்த அழுத்தம், கண்முன் ஒளி மின்னி வரும் ஒற்றைத் தலைவலி, ரத்தக்கட்டு இருந்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை கூடாது. ஹார்மோன் வெளியிடும் கருத்தடைச் சாதனமும் சிலருக்கு உதவும். அதிலும் கேட்காவிட்டால் ஹிஸ்டிரோஸ்கோப்பி, அதாவது கர்ப்பப்பை வாய் வழியாகக் கேமரா குழாயை உள்ளே விட்டு, பள்ளத்தின் கீழ் விளிம்பைச் சீவிவிடுவார்கள், ரத்தம் தேங்காமல் வழிந்துவிடும். கசிவு நாட்கள் குறையும், ஆனால் முற்றிலும் நின்றுவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன், சுவரும் அதனால் தடிமனாகாது.

இன்னொரு குழந்தை தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம். சிலருக்குத் தேங்கிய திரவத்தால் கரு ஒட்டுவது தாமதமாகலாம். எனக்குக் கவலை வேறு இடத்தில்: அரிதாகக் கரு அந்தப் பள்ளத்துக்குள்ளேயே போய் ஒட்டிக்கொள்ளும், வளர வளரக் கர்ப்பப்பை கிழிந்து பெரும் ரத்தப்போக்கு வரலாம். அதனால் நாள் தள்ளியதும் முதல் ஸ்கேனை மூன்றாம் மாதம் வரை தள்ளிப்போடாமல் 6, 7 வாரத்திலேயே எடுத்து, கரு எங்கே ஒட்டியிருக்கிறது என்று குறிப்பாகக் கேளுங்கள். இந்த ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு போங்கள்.

இதற்கிடையில் காய்ச்சல், துர்நாற்றம், கடுமையான அடிவயிற்று வலி வந்தாலோ, ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைந்தாலோ அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.