மார்ஜின் குறைந்ததா, கடன் கூடியதா? ஒரு நூற்பாலைக் கணக்கு

கேள்வி: எங்கள் கம்பெனியின் ஆர்ஓஇ, அதாவது சொந்த மூலதனத்தின் மேல் வரும் லாப விகிதம், ஒரே வருடத்தில் 18 சதவீதத்திலிருந்து 9 ஆகிவிட்டது. டூபாண்ட் முறையில் பிரித்துப் பார்த்தால் லாப மார்ஜின் பாதியானது மட்டும்தான் காரணம் என்று வருகிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளாதீர்கள். இதே 18, இதே 9, இதே "மார்ஜின் பாதியாகிவிட்டது" என்ற பதிலை நான் ஒரு முறை நேரில் பார்த்திருக்கிறேன். அப்போது வங்கியின் கடன் பிரிவில் இருந்தேன். கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்று கேஷ் கிரெடிட் வரம்பை உயர்த்தக் கேட்டு வந்திருந்தது. பெயர் வேண்டாம். எண்களைக் கொஞ்சம் தோராயமாக்கித் தருகிறேன்.

2021-22-ல் விற்பனை 120 கோடி, நிகர லாபம் 7.2 கோடி, மொத்தச் சொத்து 80 கோடி, சொந்த மூலதனம் 40 கோடி. அடுத்த வருடம் விற்பனை 132, லாபம் 3.96, சொத்து 120, மூலதனம் 44. பிரித்தால் இப்படி வரும்:

```
ROE     = மார்ஜின் × சொத்துச் சுழற்சி × கடன் பெருக்கம்
2021-22 : 6% × 1.5 × 2.00 = 18%
2022-23 : 3% × 1.1 × 2.73 =  9%
```

சொத்துச் சுழற்சி என்பது விற்பனையை மொத்தச் சொத்தால் வகுப்பது. கடன் பெருக்கம் என்பது மொத்தச் சொத்தைச் சொந்த மூலதனத்தால் வகுப்பது. இப்போது கடைசி இரண்டு எண்களை மட்டும் பெருக்கிப் பாருங்கள். 1.5 × 2 = 3. 1.1 × 2.73 என்பதும் 3. சுழற்சி விழுந்த அளவுக்கே கடன் ஏறி, ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டுவிட்டன. அதனால்தான் பார்வைக்கு மார்ஜின் மட்டும் குற்றவாளி மாதிரி நிற்கிறது. உரிமையாளரும் அதையே சொன்னார்: "நூல் விலை விழுந்துபோச்சுங்க சார், மார்ஜின் பாதியாயிருச்சு. வேற ஒண்ணும் இல்லைங்க."

நூல் விலை விழுந்தது உண்மைதான். 2022 மே மாதம் ஒரு கேண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. 2023 மார்ச்சில் 60 ஆயிரத்தைச் சுற்றி வந்துவிட்டது. நூல் விலையும் கூடவே இறங்கியது. ஆனால் லாபம் போனதற்குப் பெரிய காரணம் அது இல்லை.

முதலில், கடனைத் தள்ளிவைத்துவிட்டு மார்ஜினையும் சுழற்சியையும் மட்டும் பெருக்குங்கள். முதல் வருடம் 9%, அடுத்த வருடம் 3.3%. சொத்து சம்பாதிக்கும் திறன் பாதியாகவில்லை, மூன்றில் ஒரு பங்கு சொச்சமாகிவிட்டது. கடன் பெருக்கம் பழையபடி 2-லேயே இருந்திருந்தால் ஆர்ஓஇ 6.6% என்று காட்டியிருக்கும். ஏறிய கடன் விழுந்த அளவை மறைத்து 9 என்று காட்டுகிறது. 1910-களில் டூபாண்ட் கம்பெனியில் டொனால்ட்சன் பிரவுன் இந்த முறையை உருவாக்கியபோது அதில் மார்ஜினும் சுழற்சியும்தான் இருந்தன. கடன் என்ற மூன்றாவது உறுப்பு பிற்பாடு சேர்ந்தது. இன்றும் முதலில் அந்த இரண்டை மட்டும் பார்ப்பது நல்லது என்பது என் கட்சி.

அடுத்ததுதான் முக்கியம். நிகர மார்ஜின் என்பது வட்டி கட்டிய பிறகு மிஞ்சுவது. கடன் கூடினால் அது மூன்றாவது உறுப்பில் மட்டும் தெரியாது, வட்டி வழியாக முதல் உறுப்புக்குள்ளும் புகுந்துவிடும். அதனால் மார்ஜினை இன்னும் ஒரு முறை உடைக்க வேண்டும். வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபத்தை எடுங்கள். இந்த ஆலையில் அது 12 கோடியிலிருந்து 10.68 கோடியானது. விற்பனையில் பார்த்தால் 10 சதவீதம் 8.1 ஆனது, அவ்வளவுதான். வட்டியோ 2.4 கோடியிலிருந்து 5.4 கோடிக்கு ஏறியது, ஏனென்றால் வங்கிக் கடன் 30 கோடியிலிருந்து 60 கோடியாகியிருந்தது. வரிக்கு முந்தைய லாபம் மொத்தம் 4.32 கோடி குறைந்திருக்கிறது. அதில் தொழில் தரப்பில் போனது 1.32 கோடி, வட்டியில் போனது 3 கோடி. மார்ஜின் குறைவு என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்ததில் பெரும்பகுதி கடன்.

சரி, அந்தக் கடன் எங்கே போனது? சொத்து 40 கோடி கூடியிருக்கிறது. 12 கோடிக்கு நூல் நூற்கும் புது ரிங் ஃபிரேம்கள். அது தெரிந்து செய்த முதலீடு, ஓடிப் பலன் தர ஒரு வருடம் ஆகும், அதைக் குறை சொல்ல மாட்டேன். மீதி 28 கோடி சரக்கிலும் வர வேண்டிய பாக்கியிலும் கிடந்தது. சரக்கு 20 கோடியிலிருந்து 38 கோடி, பாக்கி 15 கோடியிலிருந்து 25 கோடி. எத்தனை நாள் விற்பனைக்குச் சமம் என்ற கணக்கில் சொன்னால் சரக்கு 61 நாளிலிருந்து 105 நாள், பாக்கி 46 நாளிலிருந்து 69 நாள்.

குடோனைப் பார்க்கப் போனோம். பஞ்சு பேல்கள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. நூல் மூட்டைகள் நடைபாதை வரை வந்திருந்தன, ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடிந்தது. மூட்டையில் கட்டியிருந்த அட்டைகளில் நான்கு, ஐந்து மாதம் முந்தைய தேதிகள். விலை ஏறும் என்று விற்காமல் வைத்தது பாதி, வாங்க ஆள் இல்லாமல் நின்றது பாதி என்று ஸ்டோர் கீப்பர் சொன்னார். விற்றதிலும் ஆர்டர் விட்டுப் போகக் கூடாதென்று தவணை நாளை நீட்டிக் கொடுத்திருந்தார்கள்.

பழைய நாள் கணக்கிலேயே நின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று அன்று இரவு போட்டுப் பார்த்தேன். சரக்கும் பாக்கியும் சேர்ந்து 63 கோடிக்குப் பதில் 38.5 கோடியில் முடிந்திருக்கும். 24.5 கோடி கடன் தேவைப்பட்டிருக்காது. 9 சதவீதத்தில் அதன் வட்டி 2.2 கோடி. 25 சதவீத வரி போக லாபம் 5.6 கோடி, ஆர்ஓஇ 12 சதவீதத்துக்குச் சற்று மேல், அதுவும் கடன் பெருக்கம் 2.1-க்குள். நூல் விலையைத் தொடாமலேயே இது. அவர்கள் அப்போது ஆள் குறைப்பதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆள் செலவில் எவ்வளவு குறைத்தாலும் இந்த 2.2 கோடி வந்திருக்காது.

உங்கள் கணக்கில் இதைச் செய்யும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். மேலே நான் வருடக் கடைசி இருப்பை எடுத்திருக்கிறேன். பஞ்சு அக்டோபரில் தொடங்கி டிசம்பர், ஜனவரியில் குவிந்து வரும் என்பதால் மார்ச் 31-ல் எந்த ஆலையின் குடோனும் நிரம்பித்தான் இருக்கும். மார்ச்சை மார்ச்சோடு ஒப்பிட்டால் தவறு குறைவு. ஆனாலும் மாத ஸ்டாக் ஸ்டேட்மென்ட் பன்னிரண்டையும் எடுத்துச் சராசரி போட்டால்தான் உண்மையான சுழற்சி தெரியும். அப்புறம், விற்பனை கூடியது விலையாலா, கிலோவாலா என்று பிரித்துப் பாருங்கள். விலை ஏறிய வருடத்தில் ஒரு கிலோ கூடுதலாக விற்காமலேயே சுழற்சி நன்றாகத் தெரியும். அடுத்த வருடம் விலை இறங்கினால் ஆலை அப்படியே ஓடினாலும் சுழற்சி விழும்.

நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் வேண்டுமென்றால் உங்கள் இரண்டு வருட வட்டித் தொகை, சரக்கு, பாக்கி ஆகிய மூன்றையும் கீழே எழுதுங்கள். வட்டிக்கு முந்தைய மார்ஜினும் கிட்டத்தட்ட பாதியாகியிருந்தால் உங்கள் கம்பெனி சொல்வது சரி, விலையையும் செலவையும்தான் பார்க்க வேண்டும். அது ஓரளவு நின்றிருந்தால் முதலில் குடோனைத் திறந்து பாருங்கள்.