மலை உச்சியில் குளிர்தான், ஆனால் அது காரணம் இல்லை

கேள்வி: ஒரு கூற்றையும் அதற்கு ஒரு காரணத்தையும் கொடுக்கும் தேர்வுக் கேள்விகளில், இரண்டும் சரி என்று கண்டுபிடித்துவிடுகிறேன். ஆனால் அந்தக் காரணம் கூற்றுக்குச் ‘சரியான விளக்கமா’ என்பதில்தான் ஒவ்வொரு தேர்விலும் மதிப்பெண் போகிறது. எப்படிப் பிரித்தறிவது?

உங்களிடம் யாராவது “பாடத்தை ஒழுங்காகப் படி” என்று சொல்லியிருப்பார்கள். படித்தும் இப்படி ஆகிறது என்றால் சிக்கல் பாடத்தில் இல்லை, வாசிக்கும் வரிசையில் இருக்கிறது. காரணத்தைப் படிக்கும்போதே மனம் தானாக ஒரு ‘ஏனென்றால்’ போட்டு ஒட்டிவிடுகிறது. ஒட்டிய பிறகு அது உண்மையா என்று யாரும் தனியாகப் பார்ப்பதில்லை.

எடுத்துக்காட்டாக, கூற்று: ‘வட அரைக்கோளத்தில் ஜூன், ஜூலையில் கோடை.’ காரணம்: ‘அப்போது பூமி சூரியனுக்கு அருகில் இருக்கிறது.’ ஒட்டிப் படித்தால் கச்சிதமாகப் பொருந்தும். கூற்றைக் கையால் மறைத்துவிட்டுக் காரணத்தை மட்டும் படியுங்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில், ஜூலையில் தொலைவில்தான் இருக்கிறது. ஆக, கூற்று சரி, காரணம் தவறு. விளக்கமா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

இரண்டும் தனித்தனியாகத் தேறினால் மட்டுமே, காரணம் கூற்றை விளக்குகிறதா என்ற மூன்றாவது தீர்ப்புக்கு வர வேண்டும். நீங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இதில் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. நான் வகுப்பெடுத்த ஒரு பயிற்சி மையத்தில் மாதிரித் தேர்வுக்கு இப்படி ஒரு கேள்வி வந்தது. கூற்று: ‘உயரமான மலை உச்சியில் நீர் 100 °C-க்குக் கீழேயே கொதிக்கும்.’ காரணம்: ‘மலை உச்சியில் காற்றின் வெப்பநிலை குறைவு.’ இரண்டும் உண்மை. விடைக்குறிப்பில் ‘சரியான விளக்கம்’ என்று போட்டிருந்தார்கள். நான் இல்லை என்றேன். கேள்வி தயாரித்தவர், “மேலே போனால் குளிருது, அதனால கொதிநிலையும் குறையுது, இதுல என்ன சார் சந்தேகம்?” என்றார்.

அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: காரணத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள், கூற்று விழுகிறதா? அதே உச்சியில் ஒரு கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டிக் காற்றை நன்றாகச் சூடாக்குகிறோம் என்று வையுங்கள். உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் ஒன்றுதான். நீர் அதே குறைந்த வெப்பநிலையில்தான் கொதிக்கும். அப்படியென்றால் குளிருக்கும் கொதிநிலைக்கும் தொடர்பில்லை. இப்போது அழுத்தத்தை மாற்றுங்கள். பிரஷர் குக்கரில் மூடி அழுத்தத்தை ஏற்றினால் அதே உச்சியிலும் நீர் 100 °C-ஐத் தாண்டும். கூற்றைத் தாங்கி நிற்பது அழுத்தம்தான்.

அவர் அசையவில்லை. மறுநாள் ஊசியில்லாத ஒரு சிரிஞ்சில் கொஞ்சம் வெந்நீரை இழுத்து, காற்றை வெளியேற்றி, முனையை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனைப் பின்னால் இழுத்துக் காட்டினேன். 100 °C-ஐத் தொடாத அந்த நீர், சிரிஞ்சுக்குள் குமிழியிட்டுக் கொதித்தது. குளிர் எங்கே வந்தது இதில்? மாணவர்களுக்குப் புரிந்துவிட்டது. விடைக்குறிப்பு மட்டும் மாறவில்லை.

‘தேர்வு அறையில் இதற்கெல்லாம் நேரம் எங்கே’ என்று சிலர் கேட்பார்கள். கூடாரம் கட்ட வேண்டாம். ‘இந்தக் காரணம் இல்லாவிட்டாலும் கூற்று நிற்குமா?’ என்ற ஒரு கேள்வி போதும். நிற்கும் என்றால் பெரும்பாலும் விளக்கம் இல்லை. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். ஒரே விளைவுக்கு இரண்டு காரணங்கள் இருந்தால், ஒன்றை எடுத்தாலும் மற்றொன்று தாங்கிப் பிடிக்கும். அங்கே இந்தச் சோதனை ஏமாற்றிவிடும்.

இன்னொரு வகையில் எனக்கே முழுத் திருப்தி கிடையாது. கூற்று: ‘பாதரசம் அறை வெப்பநிலையில் திரவம்.’ காரணம்: ‘அதன் உருகுநிலை சுமார் −39 °C.’ வேதியியல் ஆழமாகப் படித்தவர்கள், “இது அதே செய்தியை வேறு விதமாகச் சொல்வதுதானே, அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு ஏன் வலுவில்லை என்பதுதானே விளக்கம்?” என்று சண்டைக்கு வருவார்கள். நியாயம்தான். இருந்தாலும் பள்ளி அளவுத் தேர்வில் நான் ‘சரியான விளக்கம்’ என்றே குறிப்பேன். பாடநூல் எந்த ஆழத்தில் நிற்கிறதோ அந்த ஆழத்தில்தான் கேள்வியும் நிற்கும்.

அப்புறம், இந்த விடைக்குறிப்புகளைப் பற்றி. ஆயிரக்கணக்கில் கேள்விகளை அச்சடிக்கிறார்கள், விடையாக ‘அ’, ‘ஆ’ என்று ஓர் எழுத்து மட்டும். அந்தக் காரணம் ஏன் சரியான விளக்கம் ஆகாது என்று ஒரு வரி எழுதினால் என்ன? சில தொகுப்புகளில் ‘இரண்டும் தவறு’ என்ற தெரிவே இருக்காது, சிலவற்றில் தெரிவுகளின் வரிசை நடுவில் மாறியிருக்கும். பழக்கத்தில் ‘ஆ’ என்று குறித்துவிட்டு வருகிறவன் தலையில்தான் அந்த மதிப்பெண் விடிகிறது.