திட்டும் விளம்பரமும் வீட்டிலேயே இருந்துவிடும் வாக்காளரும்

அன்புள்ள சார்,

அமெரிக்கத் தேர்தல் விளம்பரங்களை யூடியூபில் பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால்வாசி எதிராளியைத் தாக்குபவைதான். இப்படித் தாக்கினால் மக்கள் வெறுத்துப்போய் ஓட்டுப் போட வரமாட்டார்கள், அதற்காகவே செய்கிறார்கள், இது ஆய்வில் நிரூபணமான விஷயம் என்கிறார் நண்பர். உண்மையா?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

நண்பர் சொல்லும் ஆய்வு உண்மையானது. ஸ்டீபன் அன்சோலபேர், ஷாந்தோ ஐயங்கார் இருவரும் கூட்டாளிகளோடு தெற்குக் கலிபோர்னியாவில் செய்து 1994இல் வெளியிட்டது. செய்த விதம் அருமையானது. உள்ளூர் டிவி செய்தியைப் பற்றிய ஆய்வு என்று சொல்லி, சிறு தொகை கொடுத்து ஆட்களை வரவழைத்தார்கள். வீட்டுக் கூடம் மாதிரி அமைத்த அறையில் சோபாவில் உட்காரவைத்துப் பதினைந்து நிமிடச் செய்தித் தொகுப்பைப் போட்டுக் காட்டினார்கள். விளம்பர இடைவேளையில் முப்பது நொடி அரசியல் விளம்பரம் ஒன்று வரும். காட்சி, குரல் எல்லாம் ஒன்றே. சில சொற்கள் மட்டும் மாறும். ஒரு குழு பார்த்ததில், கடலோரத்தில் எண்ணெய் தோண்டுவதை எங்கள் வேட்பாளர் எதிர்க்கிறார் என்று வரும். இன்னொரு குழு பார்த்ததில், எதிர் வேட்பாளர் அதை ஆதரிக்கிறார் என்று வரும்.

அப்புறம் ஓட்டுப் போடுவீர்களா என்று கேட்டார்கள். தாக்குதல் விளம்பரம் பார்த்தவர்களில் போடுவேன் என்றவர்கள் சுமார் 5 சதவீதப் புள்ளிகள் குறைவு. எந்தக் கட்சியையும் சாராதவர்களிடம் இந்தச் சரிவு இன்னும் கூடுதல். 1992இன் செனட் போட்டிகளை எடுத்துப் பார்த்தபோதும் தாக்குதல் மிகுந்த இடங்களில் வாக்குப்பதிவு குறைவு என்றார்கள்.

ஆனால் அந்த அறையில் அளக்கப்பட்டது ஓட்டு அல்ல, ஓட்டுப் போடும் எண்ணம். அதுவும் ஒரே ஒரு விளம்பரம் பார்த்து எழுந்த சூட்டில் சொன்ன எண்ணம். தேர்தல் நாளில் அது எவ்வளவு மிஞ்சும் என்பதற்கு அங்கே பதில் கிடையாது.

1999இல் வாட்டன்பெர்க், பிரையன்ஸ் என்ற இருவர் தேர்தலுக்குப் பிந்தைய தேசிய சர்வேக்களை வைத்து மறுத்தார்கள். 1992 தேர்தலில் தாக்குதல் விளம்பரம் நினைவிருக்கிறது என்று சொன்னவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக ஓட்டுப் போட்டிருந்தார்கள். அப்படியானால் தாக்குதல் ஆட்களைக் கூட்டிவருகிறதா? இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். அரசியலில் ஊறிப்போனவருக்கு விளம்பரமும் நினைவிருக்கும், ஓட்டுப் போடவும் அவர் தவறமாட்டார். ஆர்வம்தான் இரண்டுக்கும் காரணம். அவருடைய ஞாபகத்தை விளம்பரத்தின் விளைவாகக் கணக்கில் எழுதக்கூடாது. அன்சோலபேர் குழுவினர் திருப்பிச் சொன்னதும் இதைத்தான், அதில் நியாயம் உண்டு.

2007இல் ரிச்சர்ட் லாவும் இன்னும் இருவரும் அதுவரை வந்த 111 ஆய்வுகளைச் சேர்த்து நிறுத்துப் பார்த்தார்கள். வாக்குப்பதிவைத் தாக்குதல் குறைக்கிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று தேறவில்லை. தாக்குவதால் தேர்தலில் ஜெயிக்கிறார்கள் என்பதற்கும் தேறவில்லை. ஆனால் அரசாங்கத்தின் மேல் உள்ள நம்பிக்கையும், நம் குரல் எடுபடும் என்ற எண்ணமும் சற்றே தேய்கின்றன என்று தெரிந்தது. விவாதம் முழுக்க வாக்குப்பதிவைச் சுற்றியே நடந்ததில் இது அடிபட்டுப் போனது எனக்கு வருத்தம்தான்.

சரி, சராசரியில் விளைவு தெரியவில்லை என்றால் யாருக்குமே விளைவு இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. 2011இல் யானா க்ருப்னிகோவ் எழுதிய கட்டுரைதான் என்னைப் பொறுத்தவரை இதில் தெளிவான பதில். வாக்காளர் எடுப்பது ஒரு முடிவல்ல, இரண்டு. முதலில் யாருக்கு என்று தீர்மானிக்கிறார். பிறகு அந்த ஆளுக்காகக் கிளம்பிப் போவதா என்று தீர்மானிக்கிறார். முதல் முடிவுக்கு முன் தாக்குதல் வந்தால் அது தேர்ந்தெடுக்க உதவும் தகவல். முடிவெடுத்த பிறகு, தான் தேர்ந்தெடுத்த வேட்பாளரைத் தாக்கி வந்தால் கதை வேறு. எதிராளி பக்கம் தாவ மனம் வராது, தன் ஆளுக்காகப் போகவும் கால் எழாது. அவர்தான் வீட்டிலேயே இருந்துவிடுகிறார். பிரச்சாரத்தின் தொடக்க வாரங்களையும் கடைசி வாரங்களையும் ஒன்றாகக் கலந்து சராசரி எடுத்தால் இவர் கணக்கில் காணாமல் போய்விடுவார்.

2020 அதிபர் தேர்தலில் வாக்குப்பதிவு சுமார் 66 சதவீதம், நூறு ஆண்டுகளுக்கு மேல் காணாத அளவு. தாக்குதலுக்கும் அந்த வருடம் பஞ்சமில்லை. ஆனால் இதைக் காட்டி நண்பரை மடக்கிவிடாதீர்கள். அந்த வருடம் தபால் ஓட்டும் விரிவாக இருந்தது, இரு தரப்பிலும் எதிராளி மேல் பயமும் இருந்தது. அவரிடம் கேட்க வேண்டியது, தாக்குதல் எந்த வாரத்தில் வந்தது, யாருடைய வேட்பாளர் மேல் விழுந்தது என்பதைத்தான்.