இரண்டு எக்ஸ்சேஞ்சுக்கு நடுவில் தெரியும் விலை வித்தியாசம் உண்மையில் கைக்கு வருமா?

கேள்வி: ஒரே ஜோடி (LTC/USDT) ஒரு எக்ஸ்சேஞ்சில் 80.00, இன்னொன்றில் 80.40 என்று காட்டுகிறது. இங்கே வாங்கி அங்கே விற்றால் அரை சதவீதம் லாபம்தானே? கட்டணமும் காயின் போய்ச் சேரும் நேரமும் இதைத் தின்றுவிடுமா என்று எப்படிச் சோதிப்பது?

பணம் போடாமலேயே சோதித்துவிடலாம். நானும் இதே லைட்காயின்-டெதர் ஜோடியில்தான் ஆரம்பித்தேன். கட்டணத்தைக் கழிப்பது சுலபம். ஆனால் காயின் போய்ச் சேர்வதற்குள் அந்த இடைவெளி என்ன ஆகிறது என்பதைப் பலரும் அளப்பதே இல்லை. முடிவைத் தீர்மானிப்பது அதுதான்.

முதலில் திரையில் பெரிதாகத் தெரியும் விலையை விட்டுவிடுங்கள். அது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை. வாங்கும் பக்கம் ஆர்டர் புக்கின் விற்பனை வரிசையையும், விற்கும் பக்கம் அதன் கொள்முதல் வரிசையையும் எடுக்க வேண்டும். முதல் வரியில் 5 காயின்தான் இருக்கலாம். உங்களுக்கு 125 தேவை. மீதியை அடுத்தடுத்த வரிகளில், கொஞ்சம் மோசமான விலையில்தான் வாங்க முடியும். அந்தச் சராசரி விலையை இப்படிக் கணக்கிடலாம்:

```python
def avg_price(levels, qty):
    left, cost = qty, 0
    for lv in levels:
        take = min(left, lv[1])
        cost += take * lv[0]
        left -= take
        if left <= 0:
            return cost / qty
    return None
```

`levels` என்பது `ccxt` நூலகத்தின் `fetch_order_book` தரும் `asks` அல்லது `bids`. இரண்டு எக்ஸ்சேஞ்சையும் ஒரே நேரத்தில் கேளுங்கள். ஒன்றின் பதில் வந்த பிறகு மற்றதைக் கேட்டால், விலை வேகமாக ஓடும் நேரத்தில் அந்தத் தாமதமே ஒரு பொய் இடைவெளியைக் காட்டிவிடும்.

இப்போது உங்கள் எண்களையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம். கையில் 10,000 டெதர். 80.00 என்று தெரிந்த இடத்தில் ஆழம் பார்த்தால் சராசரி 80.06, 80.40 என்று தெரிந்த இடத்தில் 80.31 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் டேக்கர் கட்டணம் 0.1%, காயினை வெளியே எடுக்க 0.01 லைட்காயின். வாங்கும்போது 124.906 காயின் வரும். கட்டணம் கழித்து, அனுப்பி, போய்ச் சேர்வது 124.771. அதை 80.31-க்கு விற்று, அந்தப் பக்கக் கட்டணமும் போனால் கையில் 10,010 டெதர். டெதரைத் திரும்பக் கொண்டுவர 1 போகிறது என்றால் மிச்சம் 9. கண்ணுக்குத் தெரிந்த 50, ஒரு நொடிகூடத் தாமதம் இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 9 ஆகிவிட்டது.

அடுத்து நேரம். லைட்காயினில் ஒரு பிளாக்குக்குச் சராசரி 2.5 நிமிடம். பெறும் எக்ஸ்சேஞ்ச் 6 உறுதிப்படுத்தல் கேட்டால் 15 நிமிடம். அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் உங்கள் வித்டிராயலைச் சரிபார்த்து நெட்வொர்க்கில் விட 5 நிமிடம் என்று சேர்த்தால் 20. இது சராசரிதான். பிளாக் தற்செயலாகத்தான் கிடைக்கிறது, அதனால் சில நாள் இதைவிடக் கணிசமாக நீளும். வேகமான நெட்வொர்க் உள்ள காயினைத் தேர்ந்தெடுத்தால் இந்த 15 நிமிடம் சுருங்கும், எக்ஸ்சேஞ்சின் சரிபார்ப்பு நேரம் சுருங்காது.

ஒரு நாளில் சுமார் 4% ஆடும் காயின் 20 நிமிடத்தில் எவ்வளவு ஆடும்? ஒரு நாளில் 72 இருபது நிமிடங்கள் உண்டு. ஆட்டம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து வளர்வதால் 4-ஐ 8.5-ஆல் வகுக்க வேண்டும்; கிட்டத்தட்ட 0.47%. உங்கள் 10,000-க்கு அது 47 டெதர். 9 டெதர் லாபத்தை நம்பி 47 டெதர் மேலேயோ கீழேயோ ஆடும் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறீர்கள்.

நான் தடுமாறியது இங்கேதான். ஆரம்பத்தில், வாங்கிய விலையையும் 20 நிமிடம் கழித்து விற்கக்கூடிய விலையையும் மட்டும் ஒப்பிட்டேன். சந்தை ஏறிய வாரத்தில் லாபமாகத் தெரிந்தது, இறங்கிய வாரத்தில் நஷ்டம். அதில் பெரும்பகுதி சந்தையின் போக்கு, இரண்டு எக்ஸ்சேஞ்சுக்கு நடுவில் இருந்த வித்தியாசம் அல்ல. இரண்டையும் பிரித்தால்தான் சோதனைக்கு அர்த்தம் உண்டு. அதற்கு, காயின் போய்ச் சேரும் நேரத்தில் இரண்டு எக்ஸ்சேஞ்சின் விலையையும் மறுபடி பதிவு செய்ய வேண்டும்.

அதே உதாரணத்தில், 20 நிமிடம் கழித்து வாங்கிய இடத்தில் சராசரி 80.20, விற்கும் இடத்தில் 80.25 என்று இருக்கட்டும். 80.25-க்கு விற்றால் எல்லாம் போக 2 டெதர் மிஞ்சும். லாபம் என்று எழுதத் தோன்றும். ஆனால் வாங்கிய இடத்திலேயே விலை 80.06-இலிருந்து 80.20-க்கு ஏறியிருக்கிறது, அந்த 14 சென்ட் சந்தை தந்தது. உண்மையான இடைவெளி 5 சென்ட், அதாவது 0.06%. எல்லாக் கட்டணமும் சேர்த்து உங்களுக்கு ஆகும் செலவு சுமார் 0.22%. சந்தை அசையாமல் இருந்திருந்தால் 15 டெதருக்கு மேல் நஷ்டம்.

ஆகவே ஒவ்வொரு முறையும் மூன்று எண்ணைக் குறித்துவையுங்கள்: பார்த்த நேரத்து இடைவெளி, 20 நிமிடம் கழித்த இடைவெளி, அந்த அளவுக்கு ஆகும் மொத்தச் செலவு. இரண்டாவது எண், மூன்றாவதை எத்தனை முறை தாண்டுகிறது என்பதே உங்கள் கேள்விக்குப் பதில். எனக்கு, பெரிய இடைவெளிகளில் பெரும்பாலானவை காயின் சேர்வதற்கு வெகு முன்பே மூடிக்கொண்டன. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் முன்கூட்டியே இருப்பு வைத்திருப்பவர்கள் அனுப்பாமலே ஒரே நேரத்தில் வாங்கி விற்றுவிடுகிறார்கள்.

சரி, மூடிக்கொள்ளாமல் மணிக்கணக்கில் நிற்கும் இடைவெளி? அதைக் கண்டால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஒருமுறை 3% இடைவெளி அரை நாள் நின்றது. ஆசையாக வாங்கிவிட்டேன். அனுப்பப் போனபோது வாலட் பராமரிப்பு என்று வித்டிராயல் மூடியிருந்தது. காயினை வெளியே எடுக்க முடியாததால்தான் அங்கே விலை தனியாக மிதந்திருக்கிறது. திறந்தபோது இடைவெளியும் போயிருந்தது, விலையும் இறங்கியிருந்தது. அதிலிருந்து `fetch_currencies` தரும் `withdraw`, `deposit` இரண்டையும் ஒவ்வொரு பதிவோடும் சேர்த்தே எடுக்கிறேன். ஏதாவது ஒன்று `False` என்றால் அந்த வரியைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுங்கள். சில எக்ஸ்சேஞ்சுகள் இந்தத் தகவலைத் தருவதில்லை. அங்கே வித்டிராயல் பக்கத்தைக் கையால் திறந்துதான் பார்க்க வேண்டும்.

இருப்பு வைத்து இருபுறமும் ஒரே நேரத்தில் செய்யும் வழியையும் இதே பதிவுகளை வைத்துச் சோதிக்கலாம். தாமதத்தைப் பூஜ்யமாக்கிப் பாருங்கள். அப்போதைக்கு அனுப்பும் கட்டணமும் இல்லாததால் உதாரணத்தில் 11 டெதர் நிற்கும், ஆனால் இடைவெளி பெரும்பாலும் ஒரே திசையில் வருவதால் ஒரு பக்கம் டெதர் தீரும், மறுபக்கம் காயின் தீரும். திரும்ப நிரப்பும்போது மறுபடி அதே அனுப்பும் கட்டணம், அதே 20 நிமிடம். போதாததற்கு அத்தனை காயினையும் விலை இறங்கும் நாளிலும் வைத்திருக்க வேண்டும்.

குறைந்தது மூன்று நான்கு வாரம் பதிவு ஓடட்டும். சந்தை கொந்தளிக்கும் ஒரு நாளாவது அதில் இருக்க வேண்டும். பெரிய இடைவெளிகள் வருவது அந்த நாளில்தான், நெட்வொர்க் நெரிசலும் வித்டிராயல் தாமதமும் கூடுவதும் அன்றைக்குத்தான். அந்த நாளின் வரிகளுக்கு 20-க்குப் பதில் 60 நிமிடம் போட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.