எழுதி வைத்தும் திரும்பி வருகிற யோசனைகள்

கேள்வி: பி.எச்டி. ஆய்வேட்டின் மூன்றாம் இயல் எழுதிக்கொண்டிருக்கிறேன். காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரைதான் எனக்கென்று கிடைக்கும் நேரம். நடுவில் வரும் யோசனைகளையெல்லாம் ஒரு பார்க்கிங் லிஸ்ட்டில் போட்டுவிட்டு எழுத்தைத் தொடரச் சொன்னாள் தோழி. ஒரு மாதமாகப் போடுகிறேன். நோட்டு நிறைகிறது, தலை காலியாகவில்லை. ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன், எங்கே தப்பு?
— ஆய்வு மாணவி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: படத்தைப் பார்த்தேன். அம்மா கண். கேஸ். லாலி 1758? கைடு. பிள்ளை டைரி. அப்புறம் கீழே மறுபடியும் அம்மா கண். அந்த இரண்டாவது 'அம்மா கண்'ணிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஒரே காலையில் ஒரே விஷயம் இரண்டு தடவை லிஸ்ட்டில் ஏறினால், முதல் தடவை எழுதியதை உங்கள் மனசு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் அர்த்தம்.

ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? அது ஒரு வேலை இல்லை, கவலைக்கு வைத்த தலைப்பு. யார், என்ன, எப்போது என்று அதில் ஒன்றுமே கிடையாது. 2011-ல் மசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து எழுதினார்கள். முடிக்காத வேலையை ஞாபகப்படுத்திவிட்டு, சம்பந்தமே இல்லாத எதையாவது படிக்கச் சொன்னால், நடுவில் அந்த வேலையின் நினைப்பு புகுந்து தொந்தரவு செய்தது. ஆனால் அந்த வேலையை எப்போது எப்படிச் செய்வோம் என்று முதலிலேயே திட்டம் போட்டுக்கொண்டவர்களுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. இத்தனைக்கும் அவர்கள் வேலையை முடித்திருக்கவில்லை, திட்டம் மட்டும்தான் போட்டிருந்தார்கள்.

அதனால் உங்கள் வரி இப்படி இருக்க வேண்டும்: 'அம்மா கண்: 9 மணிக்கு ஆஸ்பத்திரிக்கு போன், சனிக்கிழமை டோக்கன் கேட்க.' எழுதப் பத்துப் பதினைந்து விநாடி ஆகும். அதற்கு மேல் ஆகிறதென்றால் நீங்கள் குறிப்பு எழுதவில்லை, யோசிக்க ஆரம்பித்துவிட்டீர்கள். சனிக்கிழமை யார் கூட்டிப்போவது, ஆட்டோவா, தம்பியா என்று போகும். அங்கேயே நிறுத்திவிட்டு, நேரம் முடிவாகாத வரிக்குப் பக்கத்தில் '7.20' என்று மட்டும் போடுங்கள். ஏழு இருபதுக்கு உட்கார்ந்து முடிவு செய்வேன் என்பதும் ஒரு திட்டம்தான். என்ன, ஏழு இருபதுக்கு நிஜமாகவே உட்கார வேண்டும்.

உங்கள் முறையில் பெரிய ஓட்டை அங்கேதான் என்று நினைக்கிறேன். ஒரு மாதப் பக்கங்கள் நோட்டில் அப்படியே கிடக்கின்றன, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. போட்டதை யாரும் எடுப்பதில்லை என்று தெரிந்த பிறகு மனசு எதற்கு உங்களை நம்பும்? இரண்டு மணி நேரத்தில் கடைசிப் பத்து நிமிடத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். போனைக் கையில் எடுப்பதற்கு முன்னால், வாட்ஸப்பைத் திறப்பதற்கு ரொம்ப முன்னால். மேலிருந்து ஒவ்வொரு வரியாக வாருங்கள். கேஸ் புக்கிங் இரண்டு நிமிட வேலை, அதை மட்டும் கடைசியில் போனை எடுத்ததும் முதலில் முடித்துவிடலாம். அம்மா விஷயத்தை நாள், நேரத்தோடு காலண்டருக்கு மாற்றுங்கள். மிச்சத்தில் பாதியை, ஏழு இருபது வெளிச்சத்தில் பார்க்கும்போது, எதற்கு எழுதினோம் என்றே தோன்றும், அடித்துவிடுங்கள். பிறகு தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடலாம். கிழிக்க வேண்டும் என்பதால்தான் நோட்டு வேண்டாம் என்கிறேன், பழைய பிரிண்ட் அவுட்டின் பின்பக்கம் போதும். போனில் குறித்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், அதைத் திறந்தால் குறிக்க வந்தது என்ன என்பதே மறந்துவிடும்.

இப்போது லாலிக்கு வருவோம். இது மற்றதைவிட ஆபத்தானது, ஏனென்றால் இது வேலை மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. கேஸ் புக் பண்ண எழுந்தால் உங்களுக்கே குற்ற உணர்ச்சி வரும். பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்தது மே மாதமா ஜூனா என்று பார்க்க ஒரு பி.டி.எஃப். திறந்தால் ஆராய்ச்சி செய்வதாகவே தோன்றும், அரை மணி நேரம் கழித்து நீங்கள் வேறொரு முற்றுகையைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். இந்த வகைக் கேள்விக்குத் தாளே வேண்டாம். எழுதுகிற வரியிலேயே '1758 ஜூன்*' என்று நட்சத்திரம் போட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுங்கள். சாயங்காலம் ஃபைலில் * என்று தேடினால் எல்லா ஓட்டைகளும் வரிசையாக வரும், ஒரே மூச்சில் அடைக்கலாம். (சரணடைந்தது ஜூன் 2. நான் கடலூர்க்காரி, எங்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டை என்பதால் இதை மட்டும் சொல்லிவிடுகிறேன், மற்றதை நீங்களே தேடுங்கள்.)

ஆனால் 'பிள்ளை டைரி' அப்படி இல்லை. அது இந்த இயலுக்கான சந்தேகமா, அடுத்த இயலுக்கான யோசனையா என்று எனக்குத் தெரியவில்லை, இப்போது உங்களுக்கும் தெரியாது என்று பந்தயம் கட்டுவேன். நல்ல யோசனை வந்தால் முழு வாக்கியமாக எழுதுங்கள்: 'ஆனந்தரங்கப் பிள்ளை டைரியில் துணி பேரம் பற்றி வரும் பகுதிகள் நான்காம் இயலுக்குப் பொருந்தும், தரகர் பற்றிய இடத்தில் சேர்க்க.' இதற்கு மட்டும் அரை நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. ஏழு இருபதுக்கு அது நான்காம் இயல் ஃபைலின் தலையில் போய் உட்கார வேண்டும்.

இன்னொன்று செய்து பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மணியையும், அப்போது எந்தப் பத்தியில் இருந்தீர்கள் என்பதையும் போடுங்கள், ஒரு வாரத்துக்குப் போதும். உட்கார்ந்த முதல் பத்து நிமிடத்திலேயே ஏழெட்டு வரி கொட்டினால் அது கவனச்சிதறல் இல்லை, முந்தைய நாளின் பாக்கி. எழுதத் தொடங்கும் முன்பே ஐந்து நிமிடம் எல்லாவற்றையும் தாளில் இறக்கிவிட்டு ஆரம்பியுங்கள். நடுவில், ஒரே பத்தியில் ஐந்தாறு வரி குவிந்தால் கதை வேறு. அநேகமாக அந்தப் பத்தியில் என்ன சொல்ல வருகிறீர்கள் என்பது உங்களுக்கே இன்னும் பிடிபடவில்லை, அதனால்தான் கேஸ் சிலிண்டர்கூடச் சுவாரசியமாகத் தெரிகிறது. அங்கே லிஸ்ட் உதவாது. ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பத்தி சொல்ல வேண்டியதை யாருக்கோ பேச்சுவழக்கில் சொல்வதுபோல இரண்டு வரி கையால் எழுதுங்கள். அது வரவில்லையென்றால் பத்தியைத் தாண்டிப் போங்கள்.

அடுப்பில் பால் இருந்தால் எழுந்து போய் இறக்குங்கள், அதையெல்லாம் லிஸ்ட்டில் போடக்கூடாது.

கடைசியாக 'கைடு'. ஒரு வார்த்தைதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பேனா அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. 'கைடு என்ன சொல்வாரோ' என்பதற்கு எந்த நேரமும் குறிக்க முடியாது, தினமும் வரும், தினமும் அடிப்பீர்கள். அதைச் செய்யக்கூடிய ஒன்றாக மாற்றப் பாருங்கள்: 'இரண்டாம் இயல் பற்றிக் கைடுக்கு மெயில், திங்கள் 11 மணி, இரண்டே கேள்வி.' மெயில் அனுப்பிய பிறகும் அதே வார்த்தை தாளில் ஏறிக்கொண்டே இருந்தால் நேரில் போய் உட்கார்ந்து பேசுங்கள், காலாப்பட்டுக்கு பஸ் அடிக்கடி இருக்கிறது.